சாரம் குறைந்தது எங்கே?

மருதமுனையில் நெய்த சாரங்களை மட்டக்களப்புக் கடையொன்றில் விற்றுத் தரக் கொடுத்து வைத்திருந்தேன். விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு என்னுடையது. ஒரு சாரம் 1,500 ரூபாய், கடைக்குக் கொமிஷன் 15 சதவீதம். மாதக் கடைசியில் கடைக்கார அண்ணன் ஒரு துண்டில் எண்ணிக்கையை எழுதித் தருவார். நானும் வாயை மூடிக்கொண்டு காசை வாங்கி வந்தேன்.

ஒரு மாதம் துண்டில் 22 என்றிருந்தது. அன்றைக்கு என்னவோ, இறாக்கையில் இருந்ததை நானே எண்ணினேன்: 33. மாதத் தொடக்கத்தில் 40 இருந்தது, இடையில் 25 கொடுத்தேன், சாயம் பிசகிய 5 ஐத் திருப்பி எடுத்தேன். அப்படியென்றால் 60 இருக்க வேண்டும். 33 போக 27 விற்றிருக்கிறது.

"கடனுக்குப் போனது தம்பி, காசு வரட்டும் எண்டு எழுதேல்ல" என்றார். கடன் கொப்பியில் ஐந்தும் இருந்தன. களவில்லை, அவருக்கு விற்பனை என்றால் காசு கைக்கு வந்தது, எனக்கோ சாரம் கடையை விட்டுப் போனது.

அதற்குப் பிறகு, கடன் கொடுப்பது கடையின் பொறுப்பு, சாரம் வெளியே போனால் எனக்குக் காசு என்று எழுதிக் கையொப்பம் வைத்தோம். அந்த மாதம் ஒன்றுக்கு 1,275 வீதம் 27க்கு 34,425 ரூபாய் தந்தார். இப்போது கடை திறக்கும் முன் இருவரும் சேர்ந்து எண்ணுகிறோம். வியாபாரத்துக்கு நடுவே எண்ணினால் பிசகும். எண்ணி வந்த தொகைதான் அடுத்த மாதத்தின் தொடக்கம்.