கிளப் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன்: பெயர், ஸ்கோர், விருது சரிபார்க்கும் முறை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு விளையாட்டு கிளப்பின் ஆண்டறிக்கை என்றால் மூன்று மொழி கலந்துதான் வரும். செயலாளர் அறிக்கை மலையாளத்தில், ஆட்ட விவரம் தமிழில், ஸ்கோர் அட்டையும் விருதுப் பட்டியலும் ஆங்கிலத்தில். தலைவர் உரையில் ஒரு கமா விட்டுப்போனால் யாரும் கேட்கப்போவதில்லை. தன் பெயரோ தன் ரன்னோ தவறி வந்தால் பையன்கள் விடமாட்டார்கள். அதனால் இங்கே அந்த மூன்றை மட்டும் சொல்கிறேன்: பெயர், ஸ்கோர், விருது. செய்ய வேண்டிய வரிசையும் இதுதான். ஏன் என்பது கீழே உள்ள உதாரணத்தில் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்கோர் புத்தகம் (அசல், வாட்ஸ்அப்பில் வந்த படம் அல்ல), வீரர்கள் பதிவுப் படிவம், விருது முடிவான கமிட்டிக் கூட்டத்தின் மினிட்ஸ், அறிக்கையின் வரைவு. கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். ஆனால் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போனில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

1. பெயர்

முதலில் ஒரு மூலப் பட்டியல். ஆளுக்கு ஒரு வரி: கிளப் எண், தமிழில் பெயர், மலையாளத்தில் பெயர், ஆங்கிலத்தில் பெயர். ஆங்கிலப் பெயரைப் பதிவுப் படிவத்தில் அந்த வீரர் எழுதியபடியே எடுங்கள். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள், அவருடைய நண்பரிடம் அல்ல.

இங்கேதான் எல்லைப் பகுதியின் சிக்கல் வருகிறது. முருகன் என்று ஒருவர். தமிழ் வழியில் படித்த ஸ்கோரர் அதை ஆங்கிலத்தில் Murugan என்று எழுதுவார். மலையாளத்தில் ka-வுக்கும் ga-வுக்கும் தனித்தனி எழுத்து, அந்தப் பெயரில் வருவது ka எழுத்து என்பதால், மலையாளம் படித்த ஸ்கோரர் Murukan என்று எழுதுவார். தங்கவேல் இப்படியே Thangavel, Thankavel என்று இரண்டாகிவிடுவார். இரண்டும் தவறில்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். அவர் எடுத்த ரன் இரண்டு வரியில் பிரிந்து கிடக்கும்.

இனிஷியல் இன்னொரு தொல்லை. தமிழ் வீட்டுப் பையன் K. Rajesh என்று முன்னால் போடுவான், மலையாள வீட்டுப் பையன் Rajesh K. என்று பின்னால் போடுவான். ஒரே ஆளையே இரண்டு ஸ்கோரர்கள் இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: K. Rajesh ஒருவர், Rajesh K. வேறொருவர் என்று உண்மையிலேயே இரண்டு பேர் இருக்கலாம். ஆகவே கண்ணால் பார்த்து 'இவர்தான் அவர்' என்று சேர்த்துவிடாதீர்கள். ஒரே ஆட்டத்தின் அணிப் பட்டியலில் இரண்டு பெயரும் வந்திருந்தால் அவர்கள் இரண்டு பேர். அப்படி எங்கும் வரவில்லை என்றால் பதிவுப் படிவத்தைப் பாருங்கள்.

அப்புறம் ஆட்டத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் கிளப் எண்ணைப் போடுங்கள். கூட்டல் எல்லாம் எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. எண் போட்டு முடித்ததும், தாளில் உள்ள பெயர் மூலப் பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க:

```
=COUNTIF($H$2:$H$40,TRIM(A2))
```

H பத்தியில் மூலப் பட்டியல், A2-வில் ஆட்டத் தாளின் பெயர். 0 வந்தால் எழுத்து வேறுபடுகிறது. 2 வந்தால் மூலப் பட்டியலிலேயே ஒரே பெயரில் இரண்டு பேர்.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான். திரையில் இரண்டு பெயரும் அச்சு அசல் ஒன்று, எழுத்தும் கூடக் குறைய இல்லை, ஆனாலும் 0 என்றே வந்தது. பெயர் ஸ்ரீதர். யூனிகோடில் இந்த 'ஸ்ரீ'-யை இரண்டு விதமாக அடிக்கலாம். சில விசைப்பலகைகள் 'ஸ'-வில் தொடங்கும், சில 'ஶ'-வில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். முதல் எழுத்தின் எண்ணைக் கேட்டால் குட்டு வெளிப்படும்:

```
=UNICODE(A2)
```

3000 என்றால் 'ஸ', 2998 என்றால் 'ஶ'. ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே ஒட்டுங்கள். மலையாளப் பத்தியிலும் இதே வம்பு உண்டு. சில்லு எழுத்தை (பெயர் 'ன்' என்று முடியும்போது வருவது) பழைய முறையில் மெய்யோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி சேர்த்து அடிப்பார்கள், புதிய முறையில் அது ஒற்றை எழுத்து. முருகன், மணிகண்டன் எல்லாம் இதில் மாட்டுவார்கள். கண்ணால் தேடிப் பயனில்லை. மூலப் பட்டியலில் இருந்து காப்பி செய்து ஒட்டுவதுதான் வழி.

2. ஸ்கோர்

ஸ்கோர் அட்டையை ஒரு பக்கமாக மட்டும் கூட்டிப் பார்த்து விடாதீர்கள். பேட்டிங் பக்கம், பந்துவீச்சுப் பக்கம் இரண்டையும் கூட்டி ஒன்றோடொன்று மோதவிட வேண்டும்.

ஓர் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம் (பெயரும் எண்களும் விளக்கத்துக்காக வைத்தவை). வரைவில் எங்கள் அணி 20 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 142, எதிரணி 131, ஆகவே 11 ரன்னில் வெற்றி என்று இருக்கிறது. 8 விக்கெட் விழுந்தால் பத்து பேர் களம் இறங்கியிருக்க வேண்டும். அட்டையிலும் பத்து பேர் இருக்கிறார்கள், சரி. அவர்கள் ரன்: 46, 31, 4, 18, 0, 12, 9, 3, 1, 5. மொத்தம் 129. உதிரி ரன்: வைடு 7, நோ பால் 1, பை 2, லெக் பை 1, ஆக 11. இரண்டையும் சேர்த்தால் 140. அறிக்கையோ 142 என்கிறது. 2 ரன் இடிக்கிறது.

இப்போது அவசரப்பட்டு 142-ஐ 140 ஆக்கிவிடக் கூடாது. பந்துவீச்சுப் பக்கம் போங்கள். ஐந்து பேர் தலா 4 ஓவர் வீசி 24, 31, 22, 35, 27 கொடுத்திருக்கிறார்கள். கூட்டினால் 139. வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. எனவே 139-உடன் பை 2, லெக் பை 1 சேர்த்தால் 142. ஆக மொத்தம் பெரும்பாலும் சரி, பேட்டிங் பக்கத்திலோ வைடு, நோ பால் கணக்கிலோதான் 2 விட்டுப்போயிருக்கிறது.

இந்த மாதிரிச் சின்ன இடைவெளி இரண்டு காரணத்தால்தான் அதிகம் வருகிறது. ஒன்று, நோ பாலில் பேட்டர் அடித்த ரன். நோ பாலில் 2 ஓடினால் ஒன்று உதிரி, இரண்டு பேட்டருக்கு, பந்துவீச்சாளருக்கு மூன்று. ஸ்கோரர் பேட்டருக்கு எழுத மறந்திருப்பார். மற்றது, கையெழுத்து. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு பேட்டரின் வரியிலும் பந்துவாரியாக எழுதிய ரன்னைக் கூட்டினால் எது என்று தெரிந்துவிடும். இந்த அட்டையில் முதல் பேட்டர் செந்தில். அவர் வரியைக் கூட்டினால் 48. அந்த 8-ஐ யாரோ 6 என்று படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

விக்கெட்டையும் இப்படியே பாருங்கள். பந்துவீச்சாளர்கள் எடுத்தது 6, ரன் அவுட் 2, மொத்தம் 8. பொருந்துகிறது.

ஓவர் கணக்கில் ஒரு பொறி உண்டு. 3.4 என்பது மூன்று ஓவர் நான்கு பந்து, தசமம் அல்ல. இரண்டு ஆட்டத்தில் 3.4 வீசினால் ஷீட் 6.8 என்று காட்டும், உண்மையில் 7.2. முதலில் பந்துகளாக மாற்றிக் கூட்டுங்கள்:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

வாலிபால், கால்பந்து முடிவுகளை உள்ளிடும் முன் அந்தப் பத்தியை வெறும் உரை என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கால்பந்தின் 3-1 ஜனவரி 3 ஆகிவிடும், வாலிபால் கடைசி செட்டின் 15-12 டிசம்பர் 15 ஆகிவிடும். வாலிபாலில் இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லாமல் செட் முடியாது. அதனால் 25-24 என்று எங்காவது இருந்தால் புத்தகத்தைத் திறக்காமலே வட்டம் போடலாம்.

3. விருது

இனி பெயரும் ஸ்கோரும் சேருகிற இடம். வரைவில் அதிக ரன் எடுத்தவர் விருது செந்திலுக்கு, 301 ரன். Murugan 180, Murukan 122 என்று கீழே தனித்தனியாக இருக்கிறது. எண் போட்டுக் கூட்டினால் முருகன் 302. விருது முருகனுக்குப் போகிறது. ஆனால் இறுதியாட்டத்தில் விட்டுப்போன 2 ரன்னைச் சேர்த்தால் செந்தில் 303. விருது மறுபடி செந்திலுக்கே வருகிறது. பெயரை மட்டும் சரிசெய்துவிட்டுப் பாதியில் எழுந்திருந்தால் கோப்பை ஆள் மாறியிருக்கும். வரைவில் விருது சரியாக இருந்ததே என்று சொல்லலாம். ஆனால் 301 என்பதும் தவறு, இரண்டாம் இடத்தில் முருகன் பெயர் இல்லாததும் தவறு.

கூட்டுவதற்கு:

```
=SUMIF($C$2:$C$400,G2,$F$2:$F$400)
```

C-யில் கிளப் எண், F-இல் ரன், G2-வில் தேடும் எண்.

'சிறந்த பந்துவீச்சாளர்' மாதிரி விருதுகளுக்குக் கூட்டல் மட்டும் போதாது. விக்கெட் சமமானால் என்ன செய்வது, குறைந்தது எத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் மினிட்ஸில்தான் இருக்கும். மினிட்ஸில் இல்லை என்றால் நீங்களாக முடிவு செய்யாமல் கமிட்டிக்கு எழுதிக் கேளுங்கள். விருதுப் பட்டியலின் பெயர்களைப் புதிதாகத் தட்டச்சு செய்யாமல் மூலப் பட்டியலில் இருந்து ஒட்டுங்கள். கோப்பையில் பெயர் பொறிக்கும் கடைக்கும் சான்றிதழ் அடிப்பவருக்கும் அதே பட்டியலையே கொடுங்கள்.

4. அச்சகத்தில் இருந்து வரும் புரூஃப்

பல அச்சகங்கள் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கின்றன. மாறும்போது 'ஸ்ரீ' உடையும், கொம்பு இடம் மாறும், சில நேரம் ஆபரேட்டர் பெயரைத் திரும்ப அடித்துவிடுவார். அதனால் நீங்கள் சரிபார்த்த வேர்ட் கோப்பை நம்பாமல் புரூஃபைத் தாளில் எடுத்து, ஒருவர் மூலப் பட்டியலைப் படிக்க மற்றவர் சிவப்புப் பேனாவும் ஸ்கேலுமாகப் பார்க்க வேண்டும். திரையில் குறிப்பு போடும் வசதியெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. இனிஷியலையும் புள்ளியையும் சேர்த்துச் சத்தமாகப் படியுங்கள். குழுப் படத்தில் தலைகளை எண்ணி, கீழே உள்ள பெயர்களை எண்ணுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மொபைல் ஸ்கோரிங் ஆப் பயன்படுத்துகிறார், கூட்டல் தானாக வருகிறதே என்றார். கூட்டல் வரும், ஆனால் ஒரு வீரர் இரண்டு போன் எண்ணில் பதிவாகியிருந்தால் அங்கேயும் அவர் இரண்டு ஆள்தான். முதல் படியை அவரும் செய்ய வேண்டும். இன்னொருவர் ஆந்திரா சித்தூர்ப் பக்கம் இருந்து எழுதினார். அவர்கள் அறிக்கையில் தெலுங்கும் தமிழும் கலந்து வருமாம், மூலப் பட்டியலில் மலையாளத்துக்குப் பதில் தெலுங்குப் பத்தி வைத்தால் போதுமா என்று கேட்டார். போதும். ஒன்று மட்டும்: எங்கள் பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. எதிரணியின் ஊரை எழுதும்போது எந்தச் சித்தூர் என்று மாவட்டத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.