அதிபரின் பிரியாவிடைக்கு மூன்று நிமிட வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

திருகோணமலைப் பக்கம் பிரியாவிடை விழா என்றால் வாழ்த்துமடல் ஒன்று எப்படியும் இருக்கும். 'கல்விச்சுடரே, கருணைக்கடலே' எல்லாம் அதில் வந்துவிடும். ஆகவே வாழ்க்கைக் குறிப்பில் அடைமொழி வேண்டாம். அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பது மட்டும் போதும்.

முதலில் நீளம். மைக்கில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் போகும். மூன்று நிமிடத்துக்கு 270 சொற்கள். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து ஆண்டுகள். நினைவில் இருந்து எழுதாதீர்கள். முதல் நியமனக் கடிதத்தையும் இடமாற்றக் கடிதங்களையும் பார்த்து எழுதுங்கள். பிறகு கூட்டிப் பாருங்கள். நான் கடைசியாக எழுதிய அதிபருக்கு நியமனம் 1991, ஓய்வு 2025. அப்படியென்றால் 34 வருடம். ஆனால் பாடசாலை வாரியாகக் கூட்டினால் 32தான் வந்தது. மீதி இரண்டு வருடம் எங்கே? ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்த காலம். அதை விட்டிருந்தால் அவருடன் படித்தவர்கள் முன்வரிசையிலேயே முணுமுணுத்திருப்பார்கள்.

அப்புறம் ஒரேயொரு சம்பவம். இதை அவரிடம் கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்பார். பழைய சக ஆசிரியரிடம் கேளுங்கள், 'நல்லவரா' என்று கேட்காமல், 'காலையில் எப்படி வருவார்' என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தது இது. முதலில் நான் எழுதியிருந்தது:

'கிண்ணியாவில் அர்ப்பணிப்புடன் கடமையாற்றினார்.'

கேட்டபின் எழுதியது:

'2003 முதல் 2008 வரை கிண்ணியாவில் கற்பித்தார். அப்போது பாலம் இல்லை. காலைப் பாதையில் நின்றபடியே கொப்பிகளைத் திருத்துவார். கரை வந்ததும் சிவப்புப் பேனையைச் சட்டைப்பையில் செருகுவார்.'

இங்கேயும் ஆண்டைச் சரிபார்த்தேன். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல், ஆகவே கதை பொருந்துகிறது. பாதை என்றால் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை, ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெருதான் நினைவுக்கு வரும். அதனால்தான் 'அப்போது பாலம் இல்லை' என்ற வாக்கியம்.

ஒழுங்கு சுலபம். சம்பவத்தில் தொடங்கி, பிறப்பு, படிப்பு, பாடசாலைகள் என்று போய், உங்கள் பாடசாலையில் அவர் செய்த ஒன்றிரண்டு வேலைகளில் முடியுங்கள். 1990, 2006 இடப்பெயர்வுகளோ சுனாமியோ வந்தால், எழுதுமுன் அவரிடமே கேளுங்கள். சிலர் சொல்லச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் ஆண்டை மட்டும் போட்டுக் கடந்துவிடலாம்.

கடைசியாக, சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். 16 அளவு எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாவக்கூடாது. மேடை மின்விசிறிக் காற்றில் தாள் புரளும், ஒரு கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.