மாதம் 10,000 கட்டினால் பத்து வருடத்தில் எவ்வளவு? அட்டவணையை நாமே போடுவோம்

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தங்கச்சியின் வீட்டுக்குப் போன மாதம் சேமிப்புத் திட்டம் ஒன்றுக்கு ஆள் சேர்க்க ஒருவர் வந்திருக்கிறார். மாதம் 10,000 ரூபாய், பத்து வருடம், 9 வீத வட்டி. கடைசியில் 2,840,836 ரூபாய் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "அண்ணா, பன்னிரண்டு இலட்சம் கட்டினா இருபத்தெட்டு வருமாமே, சேரட்டா?" என்று தங்கச்சி போன் எடுத்தாள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. மனுசன் மொத்தக் கட்டுப்பணமான 12 இலட்சத்தையும் முதல் நாளே போட்டமாதிரி வைத்து, பத்து வருடத்துக்கு வட்டி ஏற்றியிருக்கிறார். உண்மையில் முதல் மாதம் கட்டும் பத்தாயிரத்துக்குத்தான் 120 மாத வட்டி. கடைசியாகக் கட்டுவதற்கு ஒரே ஒரு மாதம். மாதத்துக்கு ஒரு நிரை வைத்து அட்டவணை போட்டால் இது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். அவளுக்குப் போட்டுக் கொடுத்ததை அப்படியே இங்கே தருகிறேன்.

நான் பாவிப்பது கூகுள் ஷீட்ஸ். எக்செல்லிலும் இதே சூத்திரங்கள் ஓடும். ஆனால் தங்கச்சியிடம் இருப்பது போன் மட்டும்தான், இணைப்பை அனுப்பினால் திறந்து பார்த்துவிடுவாள். இதற்கென்றே வரும் கணிப்பான் செயலிகள் எனக்குப் பிடிக்காது. விடையைச் சொல்லுமே ஒழிய வழியைக் காட்டாது.

முதலில் மேலே மூன்று பெட்டிகள்:

```
B1   10000
B2   9%
B3   =B2/12
```

B1 மாதக் கட்டுப்பணம், B2 வருட வட்டி, B3 மாத வட்டி. வட்டி மாதாமாதம் முதலோடு சேரும் திட்டத்துக்குத்தான் இப்படிப் பன்னிரண்டால் பிரிப்பது சரி. நான்காம் நிரையை வெறுமையாக விடுங்கள். ஐந்தாம் நிரையில் தலைப்புகள்: மாதம், கட்டியது, மொத்தம் கட்டியது, வட்டி, இருப்பு. மறுகா ஆறாம், ஏழாம் நிரைகளை மட்டும் கையால் எழுத வேண்டும்:

```
A6  1          A7  =A6+1
B6  =$B$1      B7  =$B$1
C6  =B6        C7  =C6+B7
D6  =B6*$B$3   D7  =(E6+B7)*$B$3
E6  =B6+D6     E7  =E6+B7+D7
```

ஏழாம் நிரையின் ஐந்து பெட்டிகளையும் தெரிவு செய்து, மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்து 125 ஆம் நிரை வரைக்கும் இழுங்கள். அங்கே A நிரலில் 120 என்று இருந்தால் மாதக் கணக்கு சரி.

நான் மாட்டுப்பட்டது அந்த டொலர் குறியில்தான். முதல் தடவை D7 இல் `=(E6+B7)*B3` என்று எழுதிவிட்டு இழுத்தேன். இரண்டாம் மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாதம் வட்டி சைபர். நான்காம் மாதத்திலிருந்து அடிவரைக்கும் `#VALUE!`. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அதற்குள் இருக்கும் முகவரிகளும் ஒவ்வொரு நிரையாகக் கீழே இறங்கும். E6, B7 இரண்டும் இறங்கத்தான் வேண்டும், போன மாத இருப்பும் இந்த மாதக் கட்டுப்பணமும் அப்படித்தான் கிடைக்கும். ஆனால் B3 உம் சேர்ந்து இறங்கிவிட்டது. மூன்றாம் மாதம் அது பார்த்தது B4, அது வெறும் பெட்டி, அதனால் சைபர். நான்காம் மாதம் பார்த்தது B5, அங்கே இருந்தது "கட்டியது" என்ற சொல். சொல்லால் எப்படிப் பெருக்குவது? `$B$3` என்று எழுதினால் அந்த முகவரி அசையாது. பிழை வந்தால், சைபர் விழுந்த பெட்டியை இரண்டு தரம் அழுத்துங்கள், அது எந்தப் பெட்டியைப் பார்க்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் இப்படி வரும்:

| முடிவில் | கட்டியது | இருப்பு |
|---|---|---|
| 1 வருடம் | 120,000 | 126,014 |
| 5 வருடம் | 600,000 | 759,898 |
| 10 வருடம் | 1,200,000 | 1,949,656 |

இருபத்தெட்டு இலட்சம் எங்கே, பத்தொன்பதரை இலட்சம் எங்கே! சரிபார்க்க, ஒரு வெறும் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
=FV(B3,120,-B1,0,1)
```

E125 இல் உள்ள அதே எண் வரவேண்டும். B1 க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, காசு நம் கையை விட்டுப் போகிறது என்பதைச் சொல்கிறது. அதை விட்டால் விடை கழித்தலில் வரும். கடைசி 1, மாதத் தொடக்கத்தில் கட்டுகிறோம் என்பதற்கு. அதை விட்டால் மாத முடிவில் கட்டுவதாக எடுத்துக்கொண்டு 1,935,143 என்று காட்டும், அட்டவணையோடு பொருந்தாது.

9 வீதம் என்பது வெறும் அனுமானம். 2022 இன் பிற்பகுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தை ஒட்டி நின்றதைப் பார்த்தவர்கள் நாம். அது நிலைக்கவில்லை, இறங்கிவிட்டது. அதனால் B2 இல் 7% போட்டும் பாருங்கள், பத்தாம் வருட இருப்பு 1,740,945 ஆகக் குறையும். எனக்கு இந்தச் சிறிய எண்ணை வைத்து வீட்டுக் கணக்குப் போடுவதுதான் விருப்பம்.

பிற்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி "மொத்தம் கட்டியது 1,207,140 என்று வருகிறதே" என்று கருத்தில் கேட்டிருந்தார். அவர் லிப்ரெஓபிஸ் பாவிக்கிறார். B நிரலில் `=$B$1` க்குப் பதிலாக 10000 என்று நேரடியாக அடித்துவிட்டு இழுத்திருக்கிறார். லிப்ரெஓபிஸ் தனி எண்ணை இழுத்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்: 10001, 10002, கடைசியில் 10119. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் அப்படியே நகலாகும். எதற்கும் C125 இல் 1,200,000 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: வரியை மறந்துவிட்டேன் என்று இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், சரிதான். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள், முன்பு 5 வீதமாக இருந்தது. B2 இல் `=9%*0.9` என்று போடுங்கள். இருப்பு 1,852,120 ஆகும். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். தங்கச்சிக்கு அது பொருந்தும், அதனால் அவளுடைய தாளில் 9% ஐ மாற்றவில்லை.

பிற்சேர்க்கை 3: "கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் கடை பூட்டு, அந்த இரண்டு மாதமும் கட்ட ஏலாது" என்று தங்கச்சி சொன்னாள். FV சூத்திரத்தால் இதைச் சொல்ல முடியாது. மாத அட்டவணையில் B நிரலுக்குப் போய், நவம்பர், டிசம்பர் நிரைகளில் சூத்திரத்தை அழித்துவிட்டு 0 என்று அடித்தால் போதும், கீழே எல்லாம் தானாக மாறும். ஜனவரியில் தொடங்கி, பத்து வருடமும் அந்த இரண்டு மாதங்களை விட்டால் கட்டியது 1,000,000, இருப்பு ஏறக்குறைய 1,636,700. தவறினால் தண்டம் அறவிடும் திட்டமா என்பதைத் துண்டு எழுதித் தந்தவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆள் போனை எடுக்கவில்லையாம்.