துபாயிலிருந்து திரும்பிய பிறகும் என்ஆர்இ டெபாசிட்டா? திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

போன மாதம் ஏர்வாடிக்காரர் ஒருவர் ஒரு மஞ்சள் பை நிறைய எஃப்டி ரசீதுகளோடு பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு வந்தார். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு, இனி ஊரோடு என்று முடிவுசெய்து 2024 ஆகஸ்ட் 10 அன்று திரும்பியவர். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ டெபாசிட் 60 லட்சம், ஊர் வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ டெபாசிட் 5 லட்சம், வெளிநாட்டுப் பணமாகவே வைக்கும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டில் கொஞ்சம் டாலர். வந்து ஒன்றரை வருடம் ஆகியும் வங்கியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்ஆர்இக்கு வரியே கிடையாதே அண்ணாச்சி, எதுக்கு அதைப் போய்க் கலைக்கணும்?" என்றார்.

இந்த வட்டார வெளிநாட்டுக் குடும்பங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்பது கணக்கின் பெயருக்குக் கிடைத்த சலுகை அல்ல. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்ற உங்கள் நிலைக்குக் கிடைத்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு ஊருக்கு வந்ததும் அந்த நிலை போய்விடுகிறது. டெபாசிட் முதிர இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், வந்த நாளிலிருந்து சேரும் வட்டி வரிக்குரிய வருமானம். கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டியதும் நம் பொறுப்புதான். நாம் சொல்லாவிட்டால் வங்கிக்குத் தெரியாது. டிடிஎஸ்ஸும் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதை வரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எஃப்சிஎன்ஆருக்குக் கணக்கு வேறு. அதற்கு வருமான வரிச் சட்டத்தின் வசிப்பு நிலையைப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்பியவர் முதல் இரண்டு நிதியாண்டுகள் பெரும்பாலும் 'சாதாரணமாக வசிக்காத' குடியிருப்பாளர் என்ற நடுநிலையில் இருப்பார். அந்த நிலை நீடிக்கும் வரை எஃப்சிஎன்ஆர் வட்டிக்கு வரி இல்லை, அதுவும் டெபாசிட் முதிரும் வரைதான். அதனால் மூன்றையும் ஒரே நாளில் உடைத்துவிடுவதும் தவறுதான்.

என்ஆர்ஓ வட்டிக்கு எப்போதுமே வரி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் என்று வங்கிப் பதிவில் இருக்கும் வரை முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் பிடிப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு இருப்பது போல இத்தனை ஆயிரம் வரை விலக்கு என்பதெல்லாம் இங்கே கிடையாது. இவருக்கு 7 சதவீதத்தில் வருடம் 35,000 ரூபாய் வட்டி. அதில் 10,920 போய்விட்டது.

சரி, மாற்றினால் வரி எகிறிவிடும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. 2025-26க்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கூட்டு வட்டியை விட்டுவிட்டால் என்ஆர்இ டெபாசிட்டின் வட்டி 7 சதவீதத்தில் 4,20,000. என்ஆர்ஓ 35,000. டவுனில் ஒரு வீட்டு வாடகை மாதம் 10,000. அதில் 30 சதவீதம் கழித்தால் 84,000. ஆக மொத்தம் 5,39,000. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1,39,000க்கு 5 சதவீதம், அதாவது 6,950. 12 லட்சம் வரை வருமானம் உள்ள குடியிருப்பாளருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதையும் துடைத்துவிடுகிறது. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 10,920ம் திரும்பி வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அதாவது மனிதர் மறைத்துவைத்தது தனக்குச் சாதகமான நிலையைத்தான்!

வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுகிறதே. அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. நடுநிலையில் இருப்பவர் ITR-1 போடக் கூடாது, இவருக்கு ITR-2. முந்தைய 2024-25க்கும் ஆகஸ்ட் 10க்குப் பிந்தைய 234 நாள் வட்டி, ஏறக்குறைய 2,69,000, கணக்கில் வந்திருக்க வேண்டும்.

இன்னும் துபாயில் இருப்பவர்கள் செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன். என்ஆர்ஓ வட்டியில் 31.2 சதவீதம் பிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அமீரகத்தோடு உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அது 12.5 சதவீதம்தான். அங்கே வாங்கிய வரி வதிவிடச் சான்றிதழை வங்கி கேட்கும் படிவங்களோடு, வட்டி வரவு வைக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும்.

ஏர்வாடிக்காரர் மறுநாளே வங்கிக்குப் போய் என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டையும் மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டார். எஃப்சிஎன்ஆரை அப்படியே விட்டிருக்கிறோம். 2026-27இலிருந்து அவருக்கு அந்த நடுநிலை இல்லை. விடுமுறைக்கு வந்துபோன நாட்களையும் சேர்த்தால் முந்தைய ஏழு வருடத்தில் அவர் இந்தியாவில் இருந்தது, அந்த நிலைக்கான வரம்பான 729 நாளைத் தாண்டிவிட்டது. அப்புறம் அந்த டாலர் வட்டிக்கும் வரி உண்டு. துபாய் வங்கியில் மூடாமல் விட்டுவந்த கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.