காரை எடுத்துப் போகும் தம்பிக்கு: ஆட்டோ ஹோல்டை எப்போது அணைக்க வேண்டும்

நெருக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தும்போது ஆட்டோ ஹோல்டை அணைத்துவிடு. சிக்னலில் அது பெரிய உதவி: வண்டி நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும், நீ காலை எடுத்துவிடலாம். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் விடும். சுவர் ஓரம் அரை அடி பின்னால் போகவும் மிதிக்க வேண்டியிருப்பதால் வண்டி சட்டென்று பாய்ந்துவிடும். அணைத்திருந்தால், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே நம் ஆட்டோமேட்டிக் வண்டி மெல்ல ஊர்ந்து போகும். டேஷ்போர்டில் AUTO HOLD எழுத்து மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்.

ஏற்றத்தில் மட்டும் அணைக்காதே, வண்டி பின்னால் உருளலாம். வண்டியை விட்டு இறங்கும்போது ஆட்டோ ஹோல்டை நம்பாமல் P-யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கும் போட்டுவிடு.

அப்புறம், வண்டியைக் கிளப்பும்போது பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்து. இல்லையென்றால் விளக்குகள் மட்டும் எரியும், எஞ்சின் ஓடாது. சாவி உன் பையிலேயே இருக்கட்டும். நண்பன் அதோடு இறங்கிப் போனாலும் ஓடுகிற எஞ்சின் நிற்காது, ஆனால் அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தால், பிரேக்கை மிதித்தபடி சாவியாலேயே பொத்தானை அழுத்து.