விடியற்காலைத் தலைவலியும் மூன்று மணி சோதனையும்

பத்து நாளாகக் காலையில் தலைவலி, சட்டைக் கழுத்தெல்லாம் ஈரம், கெட்ட கனவு வேறு. நான் இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி; காலைச் சர்க்கரை 110 என்று காட்டியதால் அதைச் சந்தேகிக்கவே இல்லை. தலையணையை மாற்றினேன், இரத்த அழுத்தம் பார்த்தேன். இரண்டும் காரணமில்லை.

ஒன்றைக் கவனித்தேன்: ஈரம் கழுத்திலும் முதுகிலும் மட்டும்தான், அறையோ குளிர்ச்சி. குளிரிலும் வியர்க்கிறதென்றால் இரவில் சர்க்கரை இறங்குகிறதோ என்று மூன்று மணிக்கு அலாரம் வைத்துச் சோதித்தால் 54! 70-க்குக் கீழ் போனாலே தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துப் பார்த்தேன், 88.

இரவு 8 மணிக்கு நான் போடுவது கலங்கலான என்பிஹெச் இன்சுலின். அதன் உச்சவேகம் ஊசி போட்ட நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் வரும். அதாவது நடுநிசியிலிருந்து காலை ஆறு மணிக்குள், வயிறு காலியாக இருக்கும்போது. மாலையில் நீண்ட நடை போன நாட்களில் இன்னும் இறங்கியது.

குறித்து வைத்ததை மருத்துவரிடம் காட்டினேன். அவர் அளவைச் சற்றுக் குறைத்து, ஊசியைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றினார். இப்போது உச்சம் விடியலை ஒட்டி வருகிறது. அப்புறம் நான்கு இரவு மூன்று மணிக்குச் சோதித்தேன், 100-க்குக் கீழ் போகவில்லை. தலைவலியும் நின்றது, பெரிய நிம்மதி.