மதில் இடிந்து பக்கத்து வீட்டு ஷெட்டில் விழுந்ததா? இன்சூரன்ஸ் நோட்டீஸில் செய்யக்கூடாத தவறுகள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் 40 அடி காம்பவுண்ட் சுவர். கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி அதில் 14 அடி சரிந்து, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் மேல் விழுந்தது. உள்ளே ஒரு ஸ்கூட்டரும் வாஷிங் மெஷினும் இருந்தன. விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். "கவலைப்படாதீங்க தம்பி, என் தப்புதான். எல்லாத்தையும் நானே சரி பண்ணித் தர்றேன்" என்றார் சார். அதையே வாட்ஸப்பிலும் அனுப்பி, கையோடு 20,000 ரூபாயும் கொடுத்துவிட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது ஒன்பதாம் நாள்.

மனிதர் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளக்கூடாது, வாக்குக் கொடுக்கக்கூடாது, பணம் கொடுக்கக்கூடாது. அந்த 20,000 அவருக்குத் திரும்பி வரவில்லை.

இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காப்பீடு அடைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் முழு நஷ்டத்தை அல்ல, சட்டப்படி நம் தலையில் விழும் பங்கை மட்டுமே. சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் சாரின் வீட்டுக்கு அனுப்பிய சர்வேயர் இடிபாட்டில் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஷெட்டின் இரும்பு பைப்புகள் சாரின் சுவருக்குள்ளேயே துளை போட்டுச் சொருகப்பட்டிருந்தன. ஷெட்டின் பாரம் அந்தச் சுவரில் இருந்தது என்றால் பொறுப்பில் ஒரு பகுதி அந்தப் பக்கமும் போகலாம். "என் தப்புதான்" என்று எழுதிக் கொடுத்த பிறகு அதைப் பேசுவது கஷ்டம்.

அப்படியானால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். "இன்சூரன்ஸில் சொல்லிட்டேன், சர்வேயர் வந்து பார்ப்பார். அதுவரை எதையும் கலைக்காதீங்க, பில் எல்லாம் பத்திரமா வைங்க" என்றால் போதும். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் முதல் வேலை. அதற்கு எந்தச் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த தவறு, எந்தப் பிரிவில் கேட்கிறோம் என்பதைப் பார்க்காமல் எழுதுவது. 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி நம் வீட்டுக்கும் பொருளுக்கும் ஆனது. பக்கத்து வீட்டு ஷெட்டுக்கு அந்த அடிப்படைப் பாலிசியில் பணம் வராது. மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி, தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசி அட்டவணையில் பாருங்கள். இருந்தால் நம் சுவருக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று என்று தகவலைப் பிரித்துக் கொடுங்கள். சார் "சுவர் இடிந்தது" என்று மட்டும் எழுதியிருந்தார். அதனால் ஷெட் விஷயம் பதிவாகவே இன்னும் ஒரு வாரம் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் பணம் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருப்பதும் தவறு. தகவல் கொடுக்க வேண்டிய கடமை சுவர் விழுந்ததுமே தொடங்கிவிடுகிறது. நஷ்டத் தொகை தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை" என்றே எழுதலாம். ஒன்பது நாளில் இடிபாட்டை அள்ளிவிட்டால் சர்வேயர் எதைப் பார்ப்பார்? சாரின் விஷயத்தில் செங்கல் இன்னும் அங்கேயே கிடந்தது அதிர்ஷ்டம். மிச்சச் சுவர் சாய்ந்து நின்றால் முட்டுக் கொடுங்கள் அல்லது இறக்குங்கள். ஆனால் அதற்கு முன் அஸ்திவாரம், விரிசல், ஷெட்டின் உள்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்.

நோட்டீஸில் காரணத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். "சுவர் பழசு, பராமரிக்கவில்லை" என்பதும் தீர்ப்பு, "இயற்கைச் சீற்றம், நான் பொறுப்பல்ல" என்பதும் தீர்ப்பு. கண்டதை மட்டும் எழுதினால் இவ்வளவுதான் வரும்:

"நேற்று இரவு சுமார் 2 மணிக்கு, பலத்த மழையின்போது, எங்கள் வீட்டின் கிழக்குக் காம்பவுண்ட் சுவரில் ஏறத்தாழ 14 அடி இடிந்து பக்கத்து வீட்டு ஷெட்டின் மேல் விழுந்தது. ஷெட்டும் உள்ளிருந்த ஒரு ஸ்கூட்டரும் ஒரு வாஷிங் மெஷினும் சேதம். யாருக்கும் காயமில்லை. இழப்பீட்டுத் தொகை இன்னும் கேட்கப்படவில்லை. பாலிசியின் மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவின் கீழ் இதைத் தகவலாகத் தெரிவிக்கிறேன். இடத்தைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன், சர்வேயரை அனுப்பவும்."

சுவர் சாய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்பே எச்சரித்திருந்தால், கேட்கும்போது அதை மறைக்காதீர்கள். பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் மொத்த கிளெய்மும் போய்விடலாம்.

இதை மின்னஞ்சலில் அனுப்பி, கிளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் வக்கீல் நோட்டீஸ், கோர்ட் சம்மன் எதுவானாலும் பதில் எழுதாமல் அன்றைக்கே அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சிவில் வழக்கில் சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனம் வக்கீல் வைப்பதும் அந்த 30 நாளுக்குள்தான்.